மனுவில் ‘இதனால்’, ‘இது குறித்து’, ‘இதை’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகிறதே, எப்படித் திருத்துவது?

கடைமடைக் குறிப்பேடு (திருத்துறைப்பூண்டி பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தின் சார்பில் பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பிய மனுவின் முக்கியப் பத்தியை அப்படியே கீழே தருகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து எழுதிய வாசகம் இது.

“கடந்த ஐப்பசி மாத மழையின்போது வடிகால் வாய்க்காலின் தென்கரை உடைந்து, நடவு செய்த சம்பா வயல்களில் வெள்ளம் புகுந்தது. உடைப்பில் மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டு, ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஏறாமல் இருக்க வடிகால் மதகின் ஷட்டரும் இறக்கப்பட்டது. இதனால் மேற்புறத்து வயல்களில் எட்டு நாட்கள் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகியது. இது குறித்துப் பலமுறை நேரில் தெரிவித்தும் பயனில்லை. ஆகவே இதை வரும் பருவத்துக்குள் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

கரை உடைப்பு மணல் மூட்டைகளால் அடைக்கப்பட்டுவிட்டது என்றும், நிரந்தரமாகப் பலப்படுத்தும் பணி பரிசீலனையில் உள்ளது என்றும் பதில் வந்தது. நாங்கள் கேட்டது கரையை அல்ல, ஷட்டரை. மூன்றாம் நாளே ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனால் ஷட்டரைத் தூக்கும் திருகுத் தண்டு துருப்பிடித்து இறுகிப் போயிருந்ததால் ஷட்டரைத் தூக்க முடியவில்லை, வயல் தண்ணீர் வெளியேற வழியும் இல்லை. அலுவலகத்தார் சரியாகப் படிக்கவில்லை என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். எழுதியதே தெளிவாக இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ‘இதனால்’, ‘இது’, ‘இதை’ என்னும் மூன்று சொற்களும் எதைக் குறிக்கின்றன என்று, ஊரை அறியாத நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும்.

நன்னிலத்தான்

இதற்கு எளிய விதி இருக்கிறது, நண்பரே. ‘இ’ என்பது அண்மைச் சுட்டு, ‘அ’ என்பது சேய்மைச் சுட்டு. ஆகவே ‘இது’ என்று எழுதினால் அதற்கு மிக அருகில் முன்னே வந்த பெயரைத்தான் குறிக்கும். தள்ளி இருப்பதைக் குறிக்க வேண்டுமானால் ‘அது’ என்று எழுத வேண்டும். உங்கள் பத்தியில் ‘இதனால்’ என்பதற்கு முன்னே கடைசியாக வருவது ஷட்டர்தான். இலக்கணப்படி நீங்கள் எழுதியது சரி, அலுவலகம்தான் தவறாகப் படித்திருக்கிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் குழப்பத்துக்கே இடமில்லை.

புதாற்றுப் பாசனம் (ஒரத்தநாடு)

தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதற்கு மனு எழுதிக் காத்திருந்தால் பயிர் பிழைக்காது. எங்கள் பக்கம் டீசல் என்ஜினை வாடகைக்கு எடுத்து இறைத்துவிடுவோம். தண்ணீர் வடிந்ததும் யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போட்டால் பயிர் ஓரளவு தேறிவிடும். அதோடு மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையில் நேரில் எழுந்து சொல்லிவிடுங்கள். மனுவில் தேங்கிய நீரை வடித்துத் தருமாறுதானே கேட்டிருக்கிறீர்கள்? அது அடுத்த பருவம் வரை காத்திருக்கும் வேலையா?

மெய்ப்புத் திருத்துநர் (கும்பகோணம்)

புதாற்றுப் பாசனம் அண்ணன் கேள்வியைத் திசை மாற்றிவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் இந்த இழையில் மிகப் பயனுள்ள சான்று அவருடைய பதிவுதான். அவர் ‘இதை’ என்பதைத் தேங்கிய நீர் என்று படித்திருக்கிறார். அலுவலகம் கரை என்று படித்தது. எழுதியவர் மனத்தில் இருந்தது ஷட்டர். ஒரே சொல்லை மூவரும் மூன்று விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், குறையைப் படித்தவர் தலையில் வைக்க முடியாது.

நன்னிலத்தார் சொன்ன விதியில் பாதி உண்மை இருக்கிறது. கையால் சுட்டிக் காட்டிப் பேசும்போது இ, அ வேறுபாடு அப்படியே செல்லும். எழுத்தில் செல்லுமா என்று ஒரு வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். “வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறது. இதை அகற்ற வேண்டும்” என்றால் எல்லாரும் ஆகாயத்தாமரை என்று எடுத்துக்கொள்வார்கள். முதல் வாக்கியத்தை மாற்றாமல், “இதைத் தூர்வார வேண்டும்” என்று எழுதுங்கள். அருகில் இருப்பது ஆகாயத்தாமரையே ஆனாலும், தூர்வாரப்படுவது வாய்க்கால் என்பதால் படிப்பவர் மனம் அதைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. “இதற்கு மூன்று ஆண்டுகளாக யாரும் வரவில்லை” என்று எழுதினால் இரண்டுமே பொருந்தாது. வாய்க்காலைச் சுத்தம் செய்வது என்னும், வாக்கியத்தில் எங்கும் இல்லாத ஒரு வேலையைப் படிப்பவர் தாமே கற்பித்துக்கொள்கிறார். ஆகவே சுட்டுச் சொல்லுக்குப் பொருள் கொடுப்பதில் தூரத்தைவிடப் பின்னால் வரும் வினைச்சொல்லுக்கே பெரும்பங்கு. எழுதுகிறவர் முன்னே இருக்கும் பெயரைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார். படிக்கிறவர் பின்னே வரும் வினையைப் பார்த்துத் தேடுகிறார்.

இனி உங்கள் பத்தி. ‘இதனால்’ என்பதற்கு முன்னுள்ள வாக்கியத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன: மூட்டை அடுக்கியது, ஷட்டரை இறக்கியது. அதற்கும் முந்தைய வாக்கியத்தில் மழையும் உடைப்பும் வெள்ளமும் இருக்கின்றன. தண்ணீர் தேங்குவதற்கு இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். மூட்டை அடுக்கினால் மேற்புறத்தில் தண்ணீர் தேங்காது என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்து நாற்பது மனுக்களைப் படிப்பவருக்குத் தெரியாது. ‘இது குறித்து’ என்னும்போது பொருள் நகர்ந்துவிடுகிறது. இப்போது அது தேக்கத்தையோ அழுகலையோ சுட்டுகிறது. ‘இதை’ என்று வரும்போது மறுபடியும் நகர்கிறது. ‘சரிசெய்து தருமாறு’ என்னும் வினை, பழுதாகிச் சரிசெய்யக்கூடிய ஒரு பொருளைத் தேடுகிறது. பத்தியில் பழுதானதாகச் சொல்லப்பட்டிருப்பது கரை ஒன்றுதான். ஷட்டர் இறக்கப்பட்டது என்று இருக்கிறதே தவிர, அது ஏறவில்லை என்று எங்கேயும் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். ‘இதை’ என்னும் இடத்தில் ‘ஷட்டர் பழுதை’ என்று எழுதிப் பார்த்திருந்தால், அந்தப் பழுதைப் பற்றி மேலே ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். திருகுத் தண்டு இறுகியதை நீங்கள் இந்த இழையில்தான் எழுதியிருக்கிறீர்கள், மனுவில் எழுதவில்லை. ஐந்து பேருக்கும் தெரிந்த செய்தி என்பதால் யாரும் எழுதாமலே விட்டுவிட்டீர்கள்; அந்த இடைவெளியை ‘இதை’ என்னும் சொல் மூடி மறைத்துவிட்டது.

கிளவி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாடுதுறை)

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே இதைப் பற்றிய விதி உண்டு. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வரும்போது, உரைநடையில் இயற்பெயரை முதலில் சொல்லிவிட்டுச் சுட்டுப்பெயரைப் பின்னால் சொல்ல வேண்டும். சுட்டை முன்னே வைப்பது செய்யுளுக்கு மட்டும் உரியது. “சாத்தன் வந்தான், அவற்குச் சோறு கொடுக்க” என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. அதற்குச் சற்றுப் பின்னால், ‘அதனால்’ போன்று சுட்டெழுத்தை முதலாகக் கொண்ட காரணச் சொல்லும் அதே முறையில் நடக்கும் என்று தனியாக ஒரு நூற்பா வருகிறது. காரணச் சொல்லைத் தனியே எடுத்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ‘அவன்’ ஒரு பெயருக்குப் பதிலாக நிற்கிறது. ‘அதனால்’ பெரும்பாலும் ஒரு முழுச் செய்திக்குப் பதிலாக நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. மனிதரைச் சுட்டும்போது அவன், அவள், அவர் என்று பால் வேறுபாடு நமக்குத் துணை செய்கிறது. கருத்துகள் எல்லாம் அஃறிணை. மழை, உடைப்பு, தாமதம், நம்பிக்கை எல்லாவற்றுக்கும் ‘இது’ ஒன்றுதான். ஒருமை, பன்மை மட்டுமே கைகொடுக்கும். அதையும் இப்போது பலர் கைவிட்டு, இரண்டு காரணங்களைச் சொல்லிவிட்டும் ‘இதனால்’ என்றே எழுதுகிறார்கள். கடைமடையார் மனுவில் மூட்டை, ஷட்டர் இரண்டுமே காரணம் என்று சொல்ல நினைத்திருந்தால் ‘இவ்விரண்டினாலும்’ என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதப் போயிருந்தால், இரண்டும் காரணமல்லவே என்று எழுதியவருக்கே உறைத்திருக்கும்.

நன்னிலத்தான்

ஐயா, தொல்காப்பிய விதிப்படி பார்த்தாலும் இந்த மனுவில் தவறில்லையே? ஷட்டர் என்னும் பெயர் முன்னே வந்துவிட்டது, சுட்டு பின்னே வந்தது.

கிளவி

உண்மைதான். வரிசையில் தவறில்லை. பெயர் முன்னே வர வேண்டும் என்று நூற்பா சொல்கிறது. முன்னே ஐந்து பெயர்கள் வந்துவிட்டால் எதைக் கொள்வது என்று அது சொல்லவில்லை. அந்த இடத்தில் மெய்ப்புத் திருத்துநர் சொல்வதைத்தான் நானும் ஏற்பேன்.

முத்திரைத்தாள் (பத்திர எழுத்தர், மன்னார்குடி)

எங்கள் தொழிலில் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனென்றால் நாங்கள் ‘இது’ என்று எழுதுவதே இல்லை. சொத்தின் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுவோம், அல்லது ‘மேற்படி சொத்து’ என்று எழுதுவோம். ஒரே கிரயப் பத்திரத்தில் இரண்டு நிலங்கள் வந்தால் ‘அ’ தபசில், ‘ஆ’ தபசில் என்று பிரித்துப் பெயர் வைத்துவிட்டு, கடைசி வரை அந்தப் பெயரையே சொல்வோம். படிக்க நயம் இருக்காது, ஆனால் எந்த நிலம் என்று நாளை ஒருவர் வழக்குப் போட முடியாது. மனுவிலும் சுட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமல் எழுதிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

மெய்ப்புத் திருத்துநர்

பெயர் வைத்துவிட்டு அதையே தொடர்ந்து பயன்படுத்தும் வழக்கத்தை மனு எழுதுகிறவர்கள் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘ஷட்டர்’ என்று தொடங்கி, அடுத்த வரியில் ‘கதவு’, அதற்கடுத்த வரியில் ‘அடைப்பான்’ என்று நயத்துக்காக மாற்றினால், மூன்று தனிப் பொருள்கள் இருப்பதாகப் படிப்பவர் நினைப்பார்.

ஆனால் எல்லாச் சுட்டையும் எடுத்துவிட வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். “திருகுத் தண்டு துருப்பிடித்துவிட்டது. இதை மாற்ற வேண்டும்” என்பதில் யாருக்கும் ஐயம் எழாது, மாற்றக்கூடிய பொருள் ஒன்றுதான் முன்னே இருக்கிறது. அங்கும் பெயரைத் திருப்பிச் சொன்னால், இதுவும் வேறு ஒரு திருகுத் தண்டோ என்று படிப்பவர் ஒரு கணம் நிற்பார். ‘மேற்படி’ என்பதும் தன்னளவில் மருந்தாகாது. ‘மேற்படி சொத்து’ தெளிவாக இருப்பதற்குக் காரணம் ‘சொத்து’ என்னும் சொல். ‘மேற்படி விஷயம் குறித்து’, ‘மேற்கண்டவாறு’ என்று எழுதினால் ‘இது குறித்து’ எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடில்லை; சட்டை மட்டும் கொஞ்சம் கஞ்சி போட்டு வந்திருக்கிறது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். பத்தியை அச்செடுத்து, இது, இதை, இதனால், இது குறித்து, இவ்வாறு, இந்நிலையில், அதன் காரணமாக ஆகிய எல்லாவற்றின் கீழும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘எது?’ என்று கேட்டு, விடையை ஓரத்தில் எழுதச் சொல்வேன். எழுதியவர் தனியாகவும், அந்தச் செய்தியை அறியாத இன்னொருவர் தனியாகவும் எழுத வேண்டும். இரண்டு ஓரங்களிலும் ஒரே விடை இருந்தால் அந்தச் சுட்டை நான் தொடுவதில்லை. விடைகள் வேறுபட்டால் திருத்த வேண்டும். எழுதியவரின் விடை, பத்தியிலேயே இல்லாத சொல்லாக இருந்தால், சுட்டைத் திருத்திப் பயனில்லை. ஒரு வாக்கியமே விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

திருத்தும்போது ‘இதனால்’ என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெயரை நட வேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். தமிழில் அதைவிட இயல்பான வழி, முன்வாக்கியத்தின் வினையையே காரணமாக்கி இணைத்துவிடுவது. “ஷட்டர் இறக்கப்பட்டது. இதனால் தண்ணீர் தேங்கியது” என்பதை “ஷட்டர் மூடியே கிடந்ததால் தண்ணீர் தேங்கியது” என்று எழுதினால் சுட்டுக்கு வேலையே இல்லை, எந்தச் செயல் காரணம் என்பதும் அந்த ‘ஆல்’ ஒட்டிலேயே வந்துவிடுகிறது. இரண்டு மூன்று வாக்கியங்களில் விரித்துச் சொன்ன செய்தியை ஒரு வினையில் அடக்க முடியாதபோதுதான் ‘இந்த’ என்று போட்டு ஒரு பெயரைச் சேர்ப்பேன்: இந்தத் தேக்கம், இந்தப் பழுது, இந்தக் கோரிக்கை.

விதைநேர்த்தி (பாபநாசம்)

என் அனுபவம் மனுவைப் பற்றியதல்ல, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் சாகுபடிக் குறிப்புகள் அனுப்புகிறேன். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதையை இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அடுத்த செய்தியாக, “இதை ரசாயனப் பூசணக்கொல்லியுடன் கலக்கக் கூடாது” என்று அனுப்பினேன். இரண்டுக்கும் நடுவே வேறொரு சகோதரி, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து தூவ வேண்டும் என்ற குறிப்பைப் போட்டுவிட்டார். பூசணக்கொல்லியுடன் கலக்கக் கூடாதது துத்தநாக சல்பேட் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். சூடோமோனாஸைப் பூசணக்கொல்லியோடு சேர்த்து விதையில் கலந்தவர்களும் இருந்தார்கள்.

நான் எழுதியபோது ‘இதை’ என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. பின்னால் இடையில் ஒன்று நுழைந்ததால்தான் குழப்பம் வந்தது. இதற்கு என்ன செய்வது? ஓரத்தில் விடை எழுதும் சோதனை இந்த இடத்தில் உதவாதே?

மெய்ப்புத் திருத்துநர்

உதவாது, அம்மா. நீங்கள் சொல்வது போன்ற சிக்கல் பலர் சேர்ந்து எழுதும் எல்லா வாசகத்திலும் வருகிறது. ஒருவர் எழுதிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இன்னொருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வாக்கியத்தைச் செருகுவார். செருகிய வாக்கியமும் சரியாக இருக்கும், முன்பே இருந்த வாக்கியமும் சரியாக இருக்கும், ஆனால் ‘இதனால்’ மட்டும் புதிதாக வந்ததைப் பற்றிக்கொள்ளும். கடைமடையாரின் மனுவில் மூட்டை பற்றிய பகுதி அப்படிப் பின்னால் நுழைந்ததோ என்று எனக்கு ஐயம்.

தனித்துப் பிரிந்து போகக்கூடிய எதையும் சுட்டுச் சொல்லால் தொடங்காதீர்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு செய்தியும் தனியே முன்னனுப்பப்படும். ஆகவே “சூடோமோனாஸ் கலந்த விதையை ரசாயனப் பூசணக்கொல்லியுடன் சேர்க்கக் கூடாது” என்று ஒவ்வொரு செய்தியும் தன் பெயரோடு போக வேண்டும். பத்தியின் முதல் சொல், அட்டவணைக்குக் கீழே வரும் குறிப்பு, தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு தீர்மானத்தின் முதல் வரி ஆகியவற்றிலும் நான் ‘இது’ என்று தொடங்க விடுவதில்லை.

கடைமடைக் குறிப்பேடு

ஐயம் சரிதான், மூட்டை பற்றிய பகுதியை இரண்டாம் கூட்டத்தில் ஒருவர் சேர்க்கச் சொன்னார். நேற்று மாலை சங்கக் கட்டடத்தில் ஓரத்தில் விடை எழுதும் சோதனையைச் செய்தோம். மனுவைப் பார்த்திராத கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவரையும் உட்கார வைத்தோம். ‘இதனால்’ என்பதற்கு எங்களில் மூவர் ‘ஷட்டர்’ என்றும், ஒருவர் ‘ஷட்டர் ஏறாததால்’ என்றும், எழுத்தர் ‘உடைப்பு’ என்றும் எழுதினார்கள். ‘ஷட்டர்’ என்பதும் ‘ஷட்டர் ஏறாததால்’ என்பதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இறக்கியது சரியான வேலை. இறக்காமல் இருந்திருந்தால் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் உள்ளே வந்திருக்கும். தூக்க முடியாமல் போனதுதான் குறை. நாங்கள் எழுதியபடி பார்த்தால், ஷட்டரை இறக்கியதையே குற்றம் சொன்னது போல ஆகிறது.

திருத்திய வாசகத்தைக் கீழே தருகிறேன்.

“கடந்த ஐப்பசி மாத மழையின்போது வடிகால் வாய்க்காலின் தென்கரை உடைந்தது, அந்த உடைப்பு மணல் மூட்டைகளால் அன்றே அடைக்கப்பட்டது. ஆற்று வெள்ளம் வயல்களுக்குள் எதிர்த்து ஏறாமல் இருக்க வடிகால் மதகின் ஷட்டரும் இறக்கப்பட்டது. மூன்றாம் நாள் ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகும், திருகுத் தண்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் ஷட்டரைத் தூக்க முடியவில்லை. ஷட்டர் மூடியே கிடந்ததால் மேற்புறத்து வயல்களில் எட்டு நாட்கள் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகியது. இந்த அலட்சியம் குறித்துப் பலமுறை நேரில் தெரிவித்துள்ளோம். ஆகவே வரும் பருவத்துக்குள் திருகுத் தண்டை மாற்றி, ஷட்டர் தடையின்றி ஏறி இறங்குமாறு செய்து தரக் கேட்டுக்கொள்கிறோம்.”

மெய்ப்புத் திருத்துநர்

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘இந்த அலட்சியம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இந்த’ என்று போட்டு ஒரு பெயரைச் சேர்த்தால், அந்தப் பெயர் முன்னே சொன்னதையே குறிப்பதாகப் படிப்பவர் நம்புகிறார். ஆனால் முன்னே நீங்கள் சொன்னது ஒரு பழுதையும் ஒரு தேக்கத்தையும்தான். அலட்சியம் என்பதை இன்னும் நிறுவவில்லை. மேலே வாதிடாத ஒரு தீர்ப்பை, சுட்டின் மறைவில் உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள். பதில் எழுதும் அலுவலர் அந்த ஒரு சொல்லை மறுத்தே ஒரு பக்கம் எழுதிவிடுவார். ஷட்டர் அப்படியே கிடக்கும். ‘ஷட்டர் பழுது குறித்து’ என்று எழுதினால் போதும்.

முத்திரைத்தாள்

அலட்சியம் என்பது இருக்கட்டும் என்பேன். பலமுறை சொல்லியும் செய்யவில்லை என்றால் அதற்கு வேறு என்ன பெயர்?

மெய்ப்புத் திருத்துநர்

அப்படியானால் அதைத் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். எந்தெந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ‘இந்த அலட்சியம்’ என்று எழுதினால் நானும் கோடிட மாட்டேன்.

பெரியவாய்க்கால்

கடைமடையின் சங்கத்தில் நானும் ஒருவன். தம்பியைவிட மூத்தவன் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். மனுவில் ‘இது குறித்து’ என்று பட்டும் படாமல் எழுதியது எல்லாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. ஷட்டரை இறக்கியது, மதகைத் திறந்து மூடும் பணியாளரான எங்கள் பகுதி லஸ்கர். நடு இரவில், கொட்டும் மழையில் வந்து இறக்கினார். ஷட்டர், ஷட்டர் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினால், யார் இறக்கினார், ஏன் தூக்கவில்லை, மசகு போட்டுப் பராமரிக்க வேண்டியவர் யார் என்று கேள்வி கீழே இறங்கி அவர் தலையில்தான் விழும். நாளைக்குத் தண்ணீர் விடும் முறை வரும்போது நாங்கள் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஆகவே சில இடங்களில் தெளிவில்லாமல் எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை, இலக்கணம் சொல்கிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெய்ப்புத் திருத்துநர்

நியாயமான கவலை, ஐயா. ஆளைக் காப்பது வேறு, பொருளை மறைப்பது வேறு என்று நான் பார்க்கிறேன். ‘ஷட்டர் இறக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையிலேயே இறக்கியவரின் பெயர் மறைந்துவிடுகிறது. அதை நான் திருத்தவில்லை. வெள்ளம் ஏறாமல் இருக்கத்தான் இறக்கப்பட்டது என்ற காரணமும் இப்போது தெளிவாக இருப்பதால், இறக்கியவருக்கு அது ஆதரவாகவே நிற்கும். பழைய வாசகத்தில்தான் இறக்கியதே கேட்டுக்குக் காரணம் என்ற பொருள் வந்தது.

பெரியவாய்க்கால்

இறக்கியதற்குச் சரி. துருப்பிடித்ததற்கு? திருகுத் தண்டு ஒரே நாளில் துருப்பிடிக்காது என்பது அலுவலகத்துக்கும் தெரியும். நீங்கள் ‘துருப்பிடித்து இறுகியிருந்ததால்’ என்று எழுதச் சொல்கிறீர்கள். ‘இயங்காமல் போனதால்’ என்று எழுதினால் போதும் என்பது என் எண்ணம்.

கிளவி

‘இயங்காமல் போனதால்’ என்றால் சுட்டு இல்லாமலே மங்கல் வந்துவிடும். எது மாற்றப்பட வேண்டும் என்று பொறியாளர் நேரில் வந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். வந்து பார்ப்பது நல்லதுதான் என்றும் சொல்லலாம்.

நன்னிலத்தான்

என் விதியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். ஆகாயத்தாமரை எடுத்துக்காட்டுக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் ‘அது’ என்பது தள்ளி இருப்பதைக் குறிக்கும் என்பதை முழுவதும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு திட்டங்களை ஒப்பிட்டு எழுதும்போது, முதலில் சொன்னதை ‘அது’ என்றும் பின்னால் சொன்னதை ‘இது’ என்றும் எழுதினால் படிப்பவருக்குப் புரிகிறதே?

மெய்ப்புத் திருத்துநர்

இரண்டே பொருள்கள், இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து, வேறு பெயர் எதுவும் நடுவில் இல்லை என்றால் புரிகிறது. மூன்றாவதாக ஒன்று நுழைந்தாலோ பத்தி மாறினாலோ புரிவதில்லை. ‘முன்னது’, ‘பின்னது’ என்று எழுதுவதிலும் இதே வரம்புதான். படிப்பவர் விரலை வைத்து மேலே போய் எண்ணிவிட்டு வர வேண்டியிருக்கிறது. “குறுவைத் தொகுப்பு, சம்பாத் தொகுப்பு ஆகிய இரண்டில் முன்னது” என்று எழுதுவதைவிடக் ‘குறுவைத் தொகுப்பு’ என்று மறுபடி எழுதுவது ஒரு சொல்தான் அதிகம்.

கடைமடைக் குறிப்பேடு

‘ஷட்டர் பழுது குறித்து’ என்று மாற்றிவிட்டோம். நேரில் தெரிவித்த தேதிகளைச் சங்கப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தனித் தாளில் இணைக்கிறோம். ‘துருப்பிடித்து’ என்பதா, ‘இயங்காமல்’ என்பதா என்று பெரியவாய்க்கால் பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஞாயிறு கூட்டத்தில் வைக்கிறோம். இடையில், இணைக்கப்போகும் தாளின் முதல் வரியை யாரோ “இதன் தொடர்ச்சியாக” என்று தொடங்கியிருக்கிறார்கள்.

விதைநேர்த்தி

தாள் தனியாகக் கழன்று வேறு கோப்பில் போய்ச் சேர்ந்தால் எதன் தொடர்ச்சி என்று யாருக்குத் தெரியும்? மனுவின் தேதியையும் மதகின் பெயரையும் அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள், தம்பி.